பொன்னி அடக்கிய சிரிப்பு

ஷாரோனுக்கு உட்காரவே தெரியாது. நாற்காலியில் இருந்தாலும் ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும். ஐயம்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வரும்போதும் ஓரத்து இடம்தான் வேண்டும். வண்டி நிற்பதற்குள் பாதி இறங்கியிருப்பாள். பெரிய காஞ்சிபுரத்தில் லியாகத் அலி பாயின் ஸ்டுடியோவில் பதினான்கு வருடமாகப் படங்களைத் திருத்துகிறாள். தறியில் ஓடும் நாடாவைக்கூட நிறுத்திவிடலாம், இவளை நிறுத்த முடியாது என்பார் பாய்.

அந்தப் பதற்றம் கைக்கு மட்டும் கிடையாது. கல்யாணப் படத்தில் கண்ணை மூடிவிட்ட சித்தப்பாவுக்குக் கண்ணைத் திறந்து வைப்பாள். தாலி கட்டி முடித்த பிறகு வந்து சேர்ந்த மாமாவை, முதலிலிருந்தே நின்றவர்போல வரிசையில் நிறுத்துவாள். பரு, வியர்வை, பின்னால் தெரியும் எச்சில் இலை, எல்லாம் அவளுக்குத் தூசு. ஆனால், "கொஞ்சம் சிரிக்கிற மாதிரி பண்ணிக் குடும்மா" என்று யாராவது சொன்னால் மட்டும் வேறு வேலையைத் தேடி எழுந்துவிடுவாள்.

வியாழக்கிழமை காலை வேலாயுதம் வந்து அதையேதான் கேட்டார். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பஞ்சர் கடை வைத்திருப்பவர். மனைவி பொன்னி இறந்து இரண்டு வாரம். சனிக்கிழமை பதினாறாம் நாள் காரியம். அன்றைக்கு எல்லோர் முன்னாலும் படத்தைத் திறந்து மாலை போட வேண்டும். அவர் கொண்டுவந்ததோ ஒரு பாஸ்போர்ட் சைஸ் படம். பொன்னி தனியாக இருக்கும் படம் வீட்டில் அது ஒன்றுதானாம். நேராகப் பார்க்கும் கண், இறுக்கி மூடிய வாய்.

ஷாரோன் தட்டிக்கழிக்கப் பார்த்தாள். முகம் லட்சணமாகத்தானே இருக்கிறது, இப்படியே பெரிதாக்கிவிடலாம் என்றாள். வேலாயுதம் படத்தைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்துப் பேசினார்.

"தாமல் ஏரி ரொம்பி வழியுதாம், கூட்டிக்கினு போயான்னு கேட்டாம்மா. எனக்கு ஆயிரம் வேல கீதுன்னு கத்திட்டேன். மூஞ்ச இதே மாதிரி வச்சிக்கினு உள்ள போனா. சாயங்காலம் நான் வர்றதுக்குள்ள நெஞ்சு வலின்னு போய்ட்டா. இந்தப் படத்த அப்டியே மாட்டுனா, காலம் பூரா அதே கோவத்தோட பாத்துக்கினு இருப்பா."

ஷாரோன் படத்தைக் கையில் வாங்கினாள். படத்தைத் திருப்பினாள். பின்னால் அவர்கள் ஸ்டுடியோ முத்திரை. கீழே மூன்று வருடத்துக்கு முந்தைய தேதி, அவளுடைய கையெழுத்து. அடையாள அட்டைக்காக அவளே எடுத்த படம். பொன்னியின் முகம் ஞாபகத்தில் இல்லை. ஆனால், அட்டைக்குப் படம் எடுக்க வருகிற ஒவ்வொருவரிடமும் தான் சொல்வது ஞாபகம் இருந்தது: சிரிக்காதீங்கம்மா, வாய மூடுங்க. பழைய கோப்புகளைத் தேடினாள். ஒரு வருடத்துக்கு மேல் எதையும் வைத்திருப்பதில்லை, எல்லாம் அழிந்துபோயிருந்தது. அவளுக்குக் குற்றம் செய்தவள்போல் இருந்தது.

முதலில் எளிய வழியில் போனாள். போட்டோஷாப்பில் சிரிப்புக்கென்றே ஒரு ஸ்லைடர் உண்டு. இழுத்தால் வாயின் இரண்டு ஓரமும் மேலே ஏறும். ஏறியது. காத்திருந்த வேலாயுதம் திரையைப் பார்த்ததும் ஒரு அடி பின்னால் நகர்ந்தார். "இன்னாம்மா இது, முகமூடி போட்ட மாதிரி கீது" என்றார். தப்பில்லை. வாய் சிரித்தது, கண் பழையபடி முறைத்தது. பொன்னி மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு வெளியே பல்லிளிக்கிறவள்போல இருந்தாள். கோபத்தைவிட அது மோசம்.

அடுத்து ஷாரோன் தொழில்காரர்கள் செய்யும் குறுக்குவழியில் இறங்கினாள். ஜாடை ஒத்திருக்கும் சொந்தக்காரரின் வாயை வெட்டி ஒட்டுவது. பொன்னியின் மகள் ஜோதிகா அம்மாவை உரித்துவைத்தவள். வேலாயுதம் செல்போனில் வைத்திருந்த அவளுடைய வளைகாப்புப் படத்திலிருந்து வாயை எடுத்து, நிறத்தைச் சமன் செய்து பொருத்தினாள். ஜோதிகா முகத்தில் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்திருந்தது. பொன்னிக்கு நேர் ஃபிளாஷ். இருபத்தாறு வயது உதடு ஐம்பது வயது முகத்தில் உட்கார்ந்தபோது ஷாரோனுக்கே மயிர்க்கூச்செறிந்தது. யாரும் பார்ப்பதற்குள் அழித்தாள். எழுந்தாள், வாசலுக்குப் போனாள், வந்தாள், மறுபடி போனாள். வெறும் வாயைத்தான் மென்றுகொண்டிருக்கிறோம் என்று தோன்றியது. பொன்னி எப்படிச் சிரிப்பாள் என்று ஒருவரையும் அவள் கேட்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை காலை வேலாயுதத்தைக் கேட்டாள். இருபத்தெட்டு வருடம் கூட வாழ்ந்தவர். "சிரிப்பா... நல்லாத்தான் சிரிப்பா" என்றார். அதற்கு மேல் சொல்லத் தெரியாதது அவருக்கே பெரிய அடியாக விழுந்தது. கூட வந்திருந்த ஜோதிகாதான் குறுக்கே புகுந்தாள்.

"அம்மா எங்க சிரிச்சாங்க அக்கா, அடக்குவாங்க. சிரிப்பு வந்துடுச்சின்னா எதிர்ல இருக்கிறவங்க கெலிச்சிட்ட மாதிரி. அதான் வாய இப்டி அழுத்திக்குவாங்க."

செய்தும் காட்டினாள். ஷாரோன் அவளை அப்படியே நிறுத்தி, அதே சுவருக்கு முன்னால், அதே நேர் ஃபிளாஷில் படம் எடுத்தாள். இந்தத் தடவை வெட்டி ஒட்ட அல்ல. முகத்தில் எது அசைகிறது, எது அசையவில்லை என்று பார்க்க.

முதலில் அசைந்தது வாயே இல்லை. கீழ் இமை லேசாக மேலேறிக் கண்ணைச் சுருக்கியது. கன்னம் கொஞ்சம் திரண்டது. மூக்கோரத்துக் கோடு ஒரு நூல் ஆழமானது. உதடு அகன்று சற்று மெலிந்தது. இடது ஓரம் மட்டும் உள்ளே குழிந்தது, வலது ஓரம் கிட்டத்தட்ட அப்படியே இருந்தது.

ஷாரோன் பொன்னியின் முகத்துக்குத் திரும்பினாள். படத்தின்மேல் தனித்தனி அடுக்காக, இமைக்கு ஒரு லேயர், கன்னத்துக்கு ஒன்று, வாய்க்கு ஒன்று. கண்ணில் தொடங்கி வாயில் முடித்தாள். முடியளவுதான் நகர்த்தினாள். கன்னம் ஏறிய இடத்தில் கீழே நிழல் விழ வேண்டும், அதைத் தீட்டினாள். கண்ணோரச் சுருக்கத்தில் ஒன்றைக்கூட அழிக்கவில்லை. இரண்டு பக்கத்தையும் ஒன்றுபோல் ஆக்கச் சொல்லிக் கை குறுகுறுத்தது, அடித்து அடக்கினாள். படத்தை இடம் வலமாகப் புரட்டிப் பார்த்தாள். தபால்தலை அளவுக்குச் சுருக்கிப் பார்த்தாள். எல்லாம் சரி, ஆனால் ஒரு இழை கூடுதல். செய்ததையெல்லாம் பாதிக்குக் குறைத்தாள். இப்போது என்ன மாறியிருக்கிறது என்று கேட்டால் அவளாலேயே விரல் வைத்துக் காட்ட முடியாது. ஆனால் படத்துக்குள் யாரோ இருந்தார்கள்.

சாயங்காலம் வேலாயுதம் வந்தார். ஃப்ரேம் போட்ட படத்தை மேஜைமேல் சாய்த்து வைத்துவிட்டு ஷாரோன் தள்ளி நின்றாள். கால் ஆடியது. அவர் பார்த்தார். குனிந்து இன்னும் கிட்டே பார்த்தார். போதவில்லை, இன்னும் கொஞ்சம் சிரிக்க வையுங்கள் என்று கேட்கப்போகிறார் என்று அவள் நினைத்தாள். கேட்டால் செய்ய மாட்டேன் என்றும் முடிவு செய்துகொண்டாள்.

"சிரிக்கலியே" என்றார் வேலாயுதம்.

"இல்லண்ணா."

"கோவமாத்தான் கீறா." ஃப்ரேமின் ஓரத்தைத் தொட்டார். "ஆனா இந்த மூஞ்சி எனக்குத் தெரியும்மா. சண்ட போட்டு ரெண்டு நாளு ஆனப்பறம், சோத்தப் போட்டுட்டு அந்தாண்ட திரும்பிக்குவா பாரு, அப்ப இப்டித்தான் இருப்பா. இன்னும் ஒரு வார்த்த நான் பேசுனா போதும், சிரிச்சிடுவா."

படத்தைத் துண்டால் மூடாமல், முகம் தன்னைப் பார்க்கும்படி நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு அவர் படியிறங்கினார். காரியம் முடிஞ்சதும் தாமலுக்குப் போவலாம்மே என்று அவர் சொல்வது ஷாரோனுக்குக் கேட்டது. அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். சற்று நேரம் கால் ஆடவில்லை.