அரிசியைக் காட்டி விற்ற குக்கர்

இளங்கலை வேதியியல் படித்துவிட்டு வேலை கிடைக்காமல் இருந்த நாட்களில், கள்ளக்குறிச்சியில் ஒரு பாத்திரக் கடைக்காக வீடு வீடாகப் போய் பிரஷர் குக்கர் விற்றேன். அந்த வேலையில் நான் ஒரு தப்பு செய்தேன். தெரியாமல் செய்ததில்லை. தெரிந்தே செய்தேன். அதை எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

மற்றபடி அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. சைக்கிளின் பின்னால் இரண்டு குக்கர், பையில் கேஸ்கட், சேஃப்டி வால்வு, ரசீதுப் புத்தகம். எந்த வீட்டுக்கு எந்த நேரம் போவது என்பதே பாதி வேலை. கழனிக்குப் போகிற வீடுகளில் காலையில் போனால் பூட்டுத்தான் இருக்கும். சாயங்காலம் நாலு மணிக்கு, மாடு கறக்கும் முன்னால், பெண்கள் வாசலில் உட்காரும் நேரம்தான் சரி. கதவைத் தட்டிவிட்டு இரண்டடி பின்னால் தள்ளி நிற்பேன். கதவைத் திறக்கிறவர் முகத்துக்கு நேரே ஒரு ஆம்பிளை நின்றால் பாதி விற்பனை அங்கேயே போய்விடும். முதல் பேச்சில் குக்கரே வராது. “இந்த அடுப்புல பருப்பு வேவ எவ்ளோ நேரம் ஆவுதும்மா?” என்று கேட்பேன். விறகைப் பற்றியும் கண் எரிவதைப் பற்றியும் அவர்களே சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். நான் கேட்டுக்கொண்டிருந்தால் போதும்.

வேண்டாம் என்பவர்கள்தான் அதிகம். தியாகதுருகத்தில் ஒரு அம்மா, “குண்டு வெடிக்கிற சட்டிய எடுத்துக்கினு வந்துட்டியா, போ போ” என்று துடைப்பத்தைக் காட்டினார். முதலில் அந்த மாதிரி ஒரு வாசலைத் தாண்டினால் அன்று முழுவதும் முகம் தொங்கிப் போகும். பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். வேண்டாம் என்றால், “சரிங்கம்மா, பக்கத்து வூட்ல இப்ப ஆளு இருப்பாங்களா?” என்று கேட்பேன். பெரும்பாலும் பதில் சொல்வார்கள். திட்டியவரும் வழி சொன்னவராக ஆகிவிடுவார். நானும் சிரித்த முகத்தோடு அடுத்த வாசலுக்குப் போவேன். துடைப்பம் காட்டிய அதே அம்மா ஆறு மாதம் கழித்து என்னிடம்தான் வாங்கினார்.

அது இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த காலம். திடீர் திடீரென்று சாலையில் மரத்தை வெட்டிப் போடுவார்கள், பஸ் நின்றுவிடும். பை தூக்கிக்கொண்டு வருகிற அந்நியனை எல்லாரும் ஏற இறங்கப் பார்ப்பார்கள். “எந்த ஊரு? இன்னா ஆளு நீ?” என்பார்கள். அதனால் எந்த ஊருக்குப் போனாலும் முதலில் டீக்கடையில் ஒரு டீ குடித்து, ரசீதுப் புத்தகத்தைக் காட்டி, இன்ன கடையிலிருந்து வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் தெருவுக்குள் நுழைவேன். அரசியல் பேச மாட்டேன். பெண் தனியாக இருக்கிற வீட்டில் உள்ளே கூப்பிட்டாலும் போக மாட்டேன்; வாசலிலேயே மூன்று கல் வைத்து சமைத்துக் காட்டுவேன். குடித்துவிட்டு ஆள் இருக்கிற வீடென்றால் தண்ணீர்கூடக் கேட்க மாட்டேன். காலையில் கிளம்பும்போது எந்தெந்த ஊர் என்று ஒரு சீட்டில் எழுதி முதலாளி மேசையில் வைத்துவிடுவேன். இருட்டுவதற்குள் திரும்பவில்லை என்றால் எங்கே தேடுவது என்று ஒருவருக்காவது தெரிய வேண்டும் அல்லவா.

இவ்வளவு ஒழுங்காக இருந்தவன்தான் மலையில் போய் அதைச் செய்தேன்.

கல்வராயன் மலையில் அப்போது வீட்டுச் சாப்பாடு என்றால் சாமையும் கேழ்வரகும்தான். சாமையை குக்கரில் போட்டால் என்ன ஆகும் என்று நான் என் அறையிலேயே போட்டுப் பார்த்திருந்தேன். நுரைத்துப் பொங்கி, ஆவி போகிற குழாயை அடைத்துக்கொண்டது. குக்கரில் அப்படி அடைத்தால், மூடியில் இருக்கிற சேஃப்டி வால்வின் உலோகம் உருகி வழி விடும். நல்லதுதான், குக்கர் வெடிக்காது. ஆனால் எதிரே இருக்கிறவர் மேல் கொதிக்கிற கஞ்சி பீய்ச்சி அடிக்கும். சாமையை எப்படி வேக வைப்பது என்றும் எனக்குத் தெரியும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. முதலில் திறந்து கொதிக்க விட்டு நுரையை எடுத்துவிட்டு, ஒரு கரண்டி எண்ணெய் விட்டு, அப்புறம் மூடி, சிறு தீயில் வைக்க வேண்டும். இதையெல்லாம் சொன்னால் யார் வாங்குவார்கள் என்று நினைத்தேன். வெள்ளிமலை தாண்டி ஒரு சிற்றூருக்குப் போனபோது கீழேயிருந்து ஒரு படி அரிசி கொண்டுபோனேன். ஊர்ப் பெரியவரிடம் சொல்லிவிட்டு, அவர் வாசல் முன்னாலேயே அரிசி போட்டு மூன்று விசிலில் சோறாக்கிக் காட்டினேன். குழந்தைகள் விசிலுக்குக் கைதட்டின.

நாற்பது வயது இருக்கும் ஒரு அக்கா மட்டும், புளியும் கடுக்காயும் விற்று வைத்திருந்த காசில் வாங்கினார். மற்றப் பெண்கள், “மொதல்ல அவ வூட்ல ஆக்கட்டும், பாத்துட்டு வாங்குறோம்” என்றார்கள். “பத்து நாள்ல வந்து பாக்குறேங்க்கா” என்று சொல்லிவிட்டு இறங்கினேன். விற்றபின் ஒரு தடவை போய்ப் பார்ப்பது என் வழக்கம். அதில்தான் அடுத்த ஐந்து வீடு கிடைக்கும்.

போகவில்லை. சாலை மறியல் வந்தது. அது முடிந்தபின்னும் போகவில்லை. அங்கே என்ன ஆகியிருக்கும் என்று உள்ளூர எனக்குத் தெரியும். அதனால்தான் சங்கராபுரம் பக்கமே சுற்றிக்கொண்டிருந்தேன்.

ஒரு மாதம் கழித்து, கடை வாசலில் அந்த அக்காவின் கொழுந்தனார் என்னைப் பிடித்துக்கொண்டார். தியாகதுருகத்தில் மகள் வீட்டுக்குப் போகிற வழியில் வந்தவர்.

“இன்னாய்யா சட்டி வித்த நீ? கஞ்சி கூரைல போய் ஒட்டிக்கிச்சு. எங்க அண்ணிக்கு கையெல்லாம் கொப்புளம். ஊரே சிரிக்குது.”

“இப்ப எப்படிங்க இருக்காங்க?”

“ஆறிக்கினு வருது. அண்ணன் ஒரு போல்ட்டு போட்டு அந்த ஓட்டைய இறுக்கிட்டாரு. நாளைக்கு அண்ணி மவளப் பொண்ணு பாக்க வராங்க. அந்தச் சட்டிலதான் ஆக்குவேன், இவளுங்க வாய அடைப்பேன்னு அண்ணி ஒத்தக் கால்ல நிக்கிது.”

வால்வு இருக்கிற இடத்தில் போல்ட் போட்டால் அழுத்தம் போக வேறு வழியே கிடையாது. சாமை அடைத்துக்கொண்டால் இந்தத் தடவை கஞ்சியோடு நிற்காது, மூடியே பறக்கும்.

மறுநாள் மறுபடியும் மறியல். பஸ் கிடையாது. விடியுமுன் சைக்கிளில் கிளம்பினேன். கச்சிராயபாளையத்துக்கு முன்னால் சாலையில் புளியமரம் கிடந்தது. இருபது பேர் நின்றார்கள். தூரத்திலேயே இறங்கி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன். ஏறியபடியே போனால் தாண்டப் பார்க்கிறான் என்று நினைப்பார்கள்.

“பையில இன்னா?”

“குக்கர் சாமானுங்க. மேல ஒரு வூட்ல குக்கர் வெடிக்கிற மாதிரி இருக்கு. மதியத்துக்குள்ள போவணும்.”

“நீ வித்ததா?”

“ஆமாங்க.”

“வித்துட்டு இப்ப ஓடுறியா, நல்ல ஏவாரிதான்.” ஒருவர் சிரித்தார். இன்னொருவர் மரத்துக்கு மேல் என் சைக்கிளைத் தூக்கிக் கொடுத்தார். “போ, போ. திரும்பி வந்து எங்களுக்கும் ஒரு சட்டி சோறு ஆக்கிட்டுப் போ.”

அடிவாரத்து டீக்கடையில் சைக்கிளைப் போட்டுவிட்டு ஒற்றையடிப் பாதையில் ஏறினேன். போய்ச் சேர்ந்தபோது பதினொரு மணி இருக்கும். வாசல் அடுப்பில் குக்கர் ஏறியிருந்தது. வெயிட்டும் போட்டாயிற்று. நாலைந்து பெண்கள் வேடிக்கை பார்க்க நின்றிருந்தார்கள்.

“எல்லாரும் தள்ளிப் போங்க! வெயிட்டத் தொடாதீங்க!” என்று கத்திக்கொண்டே விறகை எல்லாம் அடுப்பிலிருந்து இழுத்துப் போட்டேன்.

“யோவ், எரியிற அடுப்ப ஏன்யா இழுக்குற?” என்று அந்த அக்கா என் கையைப் பிடித்தார். அவர் முன்கையில் முழங்கை வரை தோல் உரிந்து புதிய தோல் இளஞ்சிவப்பாக இருந்தது.

தானாக ஆறுகிற வரைக்கும் காத்திருந்தோம். அந்த நேரத்தில் எல்லார் முன்னாலும் சொன்னேன். “சாமை போட்டா பொங்கி அடைச்சுக்கும்னு எனக்கு முன்னாடியே தெரியுங்க்கா. தெரிஞ்சுதான் அரிசி கொண்டாந்து காட்டினேன்.”

ஒரு பெண், “படிச்ச புள்ள” என்று மட்டும் சொன்னாள். திட்டியிருக்கலாம்.

“பத்து நாள்ல வரேன்னியே?” என்றார் அக்கா.

“ரோடு மறிச்சிட்டாங்க்கா.”

“மறிச்சது ஏழு நாளு. நாங்க சந்தைக்கு எறங்கி ஏறிக்கினுதான் இருந்தோம். மீதி நாளு எங்க போன?”

“பயந்துக்கினு வரலக்கா” என்றேன். பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றேன்.

“பணத்தக் குடுத்துட்டு ஓடலாம்னு பாக்குறியா? விருந்தாளுங்க வர நேரம். நீதான் ஆக்கணும். ஒக்காரு.”

மூடியைத் திறந்தேன். முக்கால் குக்கர் சாமை. போல்ட்டைக் கழற்றிப் புது வால்வு போட்டேன். ஆவிக் குழாயைக் குச்சியால் குத்தி ஊதிக் காட்டினேன். ஒவ்வொரு தடவையும் இப்படிப் பார்க்க வேண்டும் என்றேன். மூன்றில் ஒரு பங்கை மட்டும் விட்டு மற்றதைச் சட்டியில் எடுத்து வைத்துவிட்டு மீதியைத் திறந்தே கொதிக்க விட்டேன். நுரையை எடுத்தேன். எண்ணெய் விட்டேன். மூடி, ஆவி வந்தபின் வெயிட் போட்டு, இரண்டே விறகில் எரிய விட்டேன். யாரும் பக்கத்தில் வரவில்லை. விசில் வந்தபோது குழந்தைகள்கூடக் கைதட்டவில்லை.

சோறு உதிரியாக இருந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா குக்கரைத் தூக்கிப் பார்த்து, “இது இன்னா வெல?” என்று கேட்டார். அக்கா என்னைப் பார்த்தார். நான் விலையைச் சொல்லாமல் குக்கரை வாங்கிக் கழுவப் போனேன்.

அதற்குப் பிறகு ஐந்து வருடம், மாதம் ஒரு தடவை அந்த ஊருக்குப் போனேன். முதல் மூன்று மாதம் ஒருவரும் வாங்கவில்லை. கேஸ்கட்டைப் பார்ப்பேன், குழாயை ஊதுவேன், மோர் கொடுப்பார்கள், வருவேன். எனக்கு அதுவே போதுமாக இருந்தது. மலையிலும் சரி, கீழேயும் சரி, அதன்பின் வாங்குகிற வீட்டுத் தானியத்தைத் தவிர வேறு எதையும் போட்டுக் காட்டியதில்லை. என் மிச்ச வாழ்க்கைக்கான வாடிக்கைக்காரர்கள் அப்படித்தான் சேர்ந்தார்கள். ஒருவர் வீட்டில் தொடங்கி அவர்கள் மகள் வீடு, சம்பந்தி வீடு என்று போய்க்கொண்டே இருந்தது. பின்னாளில் சொந்தக் கடை வைத்தேன். நன்றாகவே இருந்தேன். அந்த முன்கையை நினைத்தால் மட்டும் இன்றும் சோறு இறங்குவதில்லை.

அந்த முதல் மூன்று மாதம் போனபின், நாலாவது மாதம் அக்காவே என்னைப் பக்கத்து ஊருக்கு, மகளைக் கட்டிக் கொடுத்த வீட்டுக்குக் கூட்டிப்போனார். நான் வழக்கம்போல வாசலிலிருந்து இரண்டடி தள்ளி நின்றேன். அன்று விலை கேட்ட சம்பந்தியம்மா வெளியே வந்தார். நான் பேச ஆரம்பிக்குமுன் அக்கா முந்திக்கொண்டார்.

“இவன் சொல்றது எதையும் நம்பாதீங்க. உங்க வூட்டுச் சாமையக் குடுத்து ஆக்கச் சொல்லுங்க. அடுப்புப் பக்கத்துல அவனயே ஒக்கார வைங்க.”

நான் தண்ணீர் எடுக்கக் குடத்தைக் கேட்டேன்.