நீலப் போனின் மேல்மூலை

என் போன் மட்டக்களப்பு வாவியின் அடியில் கிடக்கிறது. மண்டூரில் ஒரு கல்யாண வீட்டுக்குத் தைத்த சட்டைகளைக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது, 'பாதை' என்று நாங்கள் சொல்லும் அந்த மிதவையில், பையைத் தோள் மாற்றினேன். 'ப்ளக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். பாதைக்காரர் தண்ணீரை எட்டிப் பார்த்து, "சேத்துக்குள்ள போயிரிக்கும் அக்கா" என்றார்.

நான் பெரியகல்லாற்றில் தையல் வேலை செய்கிறவள். வாடிக்கையாளர்கள் சட்டை மாதிரிகளைப் போனுக்குத்தான் அனுப்புவார்கள். துணியைப் படமெடுத்து அனுப்பி நூல் நிறம் கேட்பதும் அதில்தான். தொலைந்த போனின் கமரா துணியின் நிறத்தை உள்ளபடியே காட்டும். அதனால் அதே மாடல்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். கடைகளில் அது புதிதாக வருவது நின்றுவிட்டது. பாவித்த போன்தான் ஒரே வழி.

பக்கத்து வீட்டில் என் கணவரின் தங்கச்சி இருக்கிறாள். நானும் அவளும் ஒருவரையொருவர் மச்சாள் என்றுதான் கூப்பிடுவோம். அவள் நண்டு வாங்கி அனுப்பும் இடத்தில் தரம் பிரிக்கிறவள். காலொடிந்தது எது, உள்ளே சதை இல்லாதது எது என்று ஒரு பார்வையில் சொல்லிவிடுவாள். மத்தியானம் வேலை முடிந்து வந்தால், அவளுடைய போனில் பழைய போன் விளம்பரங்களைப் பார்ப்பதே எங்கள் இருவருக்கும் வேலையாகிப் போனது.

நான் தேடிய மாடல், அதே நீல நிறத்தில், எங்கள் மாவட்டத்திலேயே மூன்று கிடைத்தன. ஒன்று வாழைச்சேனைப் பக்கத்தில் ஒரு கடை போட்டது. ஒன்பது படங்கள். வெள்ளைத் துணி விரித்து, ஸ்கிரீனில் பளபளவென்று ஒரு பூப்படம் எரிய எடுத்திருந்தார்கள். 'புதியது போல. திருத்துவதற்கென்று ஒரு தடவையும் திறக்காதது' என்று எழுதியிருந்தது. இரண்டாவது மண்டூரில் ஒரு பெண் போட்டது. மூன்றே படங்கள், இரண்டு பாயில் வைத்தும் ஒன்று கையில் பிடித்தும் எடுத்தவை. 'ஸ்கிரீன் வெடிச்சிரிக்கு' என்று அவரே எழுதியிருந்தார். மூன்றாவது காத்தான்குடியில் ஒரு வீட்டுக்காரர் போட்டது. நாலு படங்கள். ஸ்கிரீனை அணைத்து, வெயிலுக்குச் சரித்துப் பிடித்து எடுத்திருந்தார். தலைமயிர் போல எத்தனையோ கீறல்கள் அதில் மின்னின.

"இதென்ன, குப்பைப் படத்தப் போட்டு விக்கப் பாக்கிறார்?" என்றேன்.

மச்சாள் படத்தை விரலால் பெருப்பித்துப் பார்த்தாள். "இவர்தான் ஒளிக்காம காட்டியிரிக்கார். கடைக்காரன்ட ஒன்பது படத்திலயும் ஸ்கிரீன் எரியுது பாருங்க. எரியிற ஸ்கிரீன்ல கீறல் தெரியாது. அணைச்சுப்போட்டு வெளிச்சத்துக்குச் சரிச்சாத்தான் தெரியும்."

தன் போனையே அணைத்து வாசல் வெளிச்சத்துக்குச் சரித்துக் காட்டினாள். அதுவரை இல்லாத கீறல்கள் சிலந்தி வலைபோல எழுந்து வந்தன. எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. தையலை மறந்து, வீட்டிலிருந்த எவர்சில்வர் தட்டைக்கூடச் சரித்துப் பார்த்தேன்.

மண்டூர்ப் போனை வெடித்தது என்று ஒதுக்கிவிட்டு, மற்ற இரண்டையும் மூலை மூலையாகப் பார்க்கத் தொடங்கினோம். கடைப் போனின் பின்பக்கப் படத்தில், வலதுபக்க மேல்மூலையில் பிடித்திருந்தவரின் விரல் கிடந்தது. விரலுக்கு அடியிலிருந்து ஒரு நசுங்கல் பாதி எட்டிப் பார்த்தது. நகத்தால் அழுத்தியதுபோல வளைவு. அதன் கீழே நிறம் உரிந்த இரண்டு புள்ளிகள்.

மச்சாள் விரலை எடுக்காமல் யோசித்தாள். "இத நான் எங்கயோ கண்டன்."

அவளே மண்டூர்ப் படத்துக்குப் போனாள். அதன் பின்பக்கத்திலும் அதே வளைவு, அதே இரண்டு புள்ளிகள். ஆனால் அது இடதுபக்க மேல்மூலையில் இருந்தது.

"ரெண்டு போன் ஒரே மாதிரி நசுங்குமா?" என்றேன்.

"நசுங்கும். ஆனா புள்ளியும் ரெண்டா விழுமா?"

அன்று விடை கிடைக்கவில்லை. மறுநாள் ஒருவர் அளவு கொடுக்க வந்தார். கண்ணாடியின் முன் நின்று, "இந்தத் தோள் இறங்கியிரிக்கு" என்று கண்ணாடியில் தெரிந்த தோளைத் தொட்டார். நான் வழக்கம்போல எந்தத் தோள் என்று ஒரு கணம் குழம்பினேன். அப்படியே அளவு நாடாவைப் போட்டுவிட்டு மச்சாளைக் கூப்பிட்டேன்.

"மண்டூர்ப் படத்தில கமரா எந்தப் பக்கம் கிடக்கு?"

"வலது."

"கடைப் படத்தில?"

"இடது." அவள் நிமிர்ந்து பார்த்தாள். "ஒரே மாடல்ல கமரா எப்பிடிப் பக்கம் மாறும்?"

மாறாது. பின்பக்கத்தைக் காட்டுகிற அந்த மண்டூர்ப் படம் முகம் பார்க்கும் கண்ணாடியில் எடுத்தது. போனே தன்னைத்தானே எடுத்த படம். இடம் வலமாகி, நசுங்கலும் பக்கம் மாறியிருந்தது. திருப்பிப் பார்த்தால் இரண்டும் ஒரே போன். மண்டூர் விளம்பரம் மூன்று கிழமைக்கு முந்தியது. கடை விளம்பரம் போட்டு ஐந்து நாள்தான். அங்கே வெடித்திருந்த ஸ்கிரீன் இங்கே முழுசாக இருந்தது. அப்படியென்றால் திறந்திருக்கிறார்கள்.

அதன்பிறகு திறந்த அடையாளங்கள் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டன. கடைப் போனில் ஸ்கிரீனுக்குக் கீழே உள்ள கறுப்புக் கரை, காத்தான்குடிப் போனில் உள்ளதைவிடத் தடிப்பாக இருந்தது. ஒரே மாடலில் அது வித்தியாசப்படக் கூடாது. பக்கவாட்டுப் படத்தில் பின்மூடி சேருகிற ஓரத்தில் எதையோ கொடுத்து நெம்பிய சின்ன வடு. அதற்கு மேலே ஈரம்போல ஒரு பசைக்கோடு. ஒன்பது படங்களையும் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறோம். அதுவரை இவை எங்கள் கண்ணில் படவே இல்லை.

எங்கள் கணக்கு சரிதானா என்று அறியும் ஆவல் தாங்க முடியவில்லை. மண்டூர்ப் பெண்ணின் இலக்கத்துக்கு மச்சாளின் போனிலிருந்தே அழைப்பு எடுத்தேன்.

"தங்கச்சி, நீங்க விக்கப் போட்ட நீலப் போன் இன்னும் இரிக்கா?"

"இல்லக்கா, அத வித்துட்டன். விளம்பரத்த எடுக்க மறந்துட்டன்."

"ஒண்டு கேக்கட்டா? பின்பக்கத்த முகம் பாக்கிற கண்ணாடியிலயா எடுத்தீங்க?"

அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்டது. "எப்பிடித் தெரியும்? முன்பக்கத்தப் பக்கத்து வீட்டாக்கள்ட போன்ல எடுத்தன். அவங்க அவசரமாப் போயிட்டாங்க. மறுகா அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால நிண்டு அந்தப் போனாலயே எடுத்தன்."

கோயில் திருவிழாச் சனத்துக்குள் கைதவறிக் கல்லில் விழுந்து, மூலை நசுங்கி ஸ்கிரீன் வெடித்த கதையையும் சொன்னார். பிறகு குரல் மாறியது. "அது இப்ப வேலை செய்யுதா அக்கா? ஸ்கிரீன் நல்லா இரிக்கா?" என்று, ஊரை விட்டுப் போன ஒருவரைப் பற்றி விசாரிப்பதுபோலக் கேட்டார். கடைப் படத்தை அனுப்பினோம். உடனே பதில் வந்தது: 'என்ட போன்தான். அந்த ரெண்டு புள்ளியும் அப்பிடியே கிடக்கு.'

கடைக்காரரிடம் ஸ்கிரீனை அணைத்து ஒரு படமும் கீழ்க்கரையைக் கிட்டவாக ஒரு படமும் கேட்டோம். பூப்படம் எரிகிற அதே படத்தைத் திரும்ப அனுப்பினார். மச்சாள் இரண்டு நசுங்கல் படங்களையும் அருகருகே வைத்து அனுப்பினாள். பிறகு அவரே அழைப்பு எடுத்தார்.

"அக்கா, டிஸ்பிளே மாத்தினதுதான். நீங்க கேக்கல்லயே."

"திறக்காதது எண்டு எழுதியிரிக்கீங்களே."

"எல்லாப் போனுக்கும் ஒரே எழுத்தத்தான் போடுறது. நான் மாத்தி விடுறன்" என்றார். சண்டைக்குத் தயாராக நின்ற நான் 'சரி' என்று வைத்துவிட்டேன். பின்னேரம் பார்த்தபோது, 'டிஸ்பிளே மாற்றியது, மூலையில் சிறு நசுங்கல்' என்று விளம்பரம் மாறியிருந்தது. விரல் இல்லாத ஒரு படமும் புதிதாக வந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் பஸ் ஏறிக் காத்தான்குடிக்குப் போனோம். போனை விற்கிறவர் கட்டாரில் கட்டட வேலை செய்துவிட்டு விடுமுறையில் வந்திருந்தார். அவருடைய மனைவி தேத்தண்ணி தந்தார். போனை மேசையில் வைத்து, "எல்லாத்தையும் பாருங்க தங்கச்சி, வெக்கப்படாதீங்க" என்றார் வீட்டுக்காரர்.

வாசலுக்குக் கொண்டுபோய்ச் சரித்துப் பார்த்தேன். படத்தில் எண்ணி வைத்த கீறல்கள் எல்லாம் அந்தந்த இடத்தில் இருந்தன. முன்பே பழகிய ஆளை நேரில் சந்திப்பதுபோல இருந்தது. வெள்ளைப் படம் போட்டு ஸ்கிரீனில் கறை இருக்கிறதா என்று பார்த்தோம். இல்லை. மூடி சேருமிடத்தில் நகத்தை ஓட்டினேன். எங்கும் தடுக்கவில்லை.

"இவ்வளவு கீறல் எப்பிடி நானா?" என்றேன். அங்கே அண்ணாவை நானா என்பார்கள்.

"மணல்தான். காற்சட்டைப் பையில போன், அதுக்குள்ள எப்பவும் மணல்."

பிறகு மச்சாளின் சேலையைப் படமெடுத்தேன். வீட்டுக்குள் நிறம் அச்சொட்டாக வந்தது. வெளியே வெயிலில் எடுத்தபோது படத்தின் குறுக்கே புகைபோல ஒரு கீற்று விழுந்தது. துடைத்துவிட்டு எடுத்தேன். திரும்பவும் அதே கீற்று.

அவர் போனை வாங்கித் திருப்பினார். கமராவின் மேலுள்ள சின்னக் கண்ணாடியில் மெல்லிய கீறல் ஒன்று இருந்தது. அவர் முகம் சுருங்கிவிட்டது. "எல்லாத்தையும் காட்டோணும் எண்டுதான் படம் எடுத்த நான். இது என்ட கண்ணுக்குப் படவேயில்ல. ஸ்கிரீனத்தான் சரிச்சுச் சரிச்சுப் பாத்தன், கமராவ அப்பிடிப் பாக்கல்ல."

மனைவி சிரித்தார். "மனிசன் ராவெல்லாம் வெயிலைப் பத்தித்தான் யோசிச்சார், எந்த நேரம் எடுத்தாக் கீறல் வடிவாத் தெரியும் எண்டு."

போனை வேண்டாமென்று வைத்துவிட எனக்கு மனம் வரவில்லை. கமராவுக்காகத்தானே இத்தனை பாடும் பட்டேன் என்று எடுத்துக்கொள்ளவும் தயக்கம். அவரே தீர்த்து வைத்தார். பிரதான வீதியில் தெரிந்த திருத்தும் கடை ஒன்றுக்கு எங்களைக் கூட்டிப் போனார். திருத்துகிறவர் சூடுகாட்டி அந்தச் சின்னக் கண்ணாடியை நெம்பி எடுத்து, உள்ளே ஊதித் தூசி அகற்றி, வேறொன்றை ஒட்டினார். செலவைப் போனை விற்றவரே பார்த்துக்கொண்டார். போனை வாங்கிக்கொண்டு தெருவுக்கு வந்து, வெயிலில் ஒரு துணிக்கடை வாசலை எடுத்துப் பார்த்தேன். கீற்று இல்லை. தொங்கிய கத்தரிப்பூ நிறச் சேலை கத்தரிப்பூ நிறமாகவே வந்தது.

பஸ்ஸில் மச்சாள் போனைக் கையில் வாங்கி, வழக்கம்போலச் சரித்துப் பார்த்தாள்.

"கமராவச் சுத்திப் பசை தெரியுது மச்சாள்."

"தெரியட்டும்" என்றேன். "நீங்க அந்தப் பசையோட ஒரு படம் எடுத்து வைங்க. நாளைக்கு விக்கிற எண்டாக் காட்டோணுமே."

"இத எப்பிடி இதாலயே எடுக்கிற?" என்று கேட்டுக்கொண்டே தன் போனை வெளியே எடுத்தாள். பஸ் குலுங்கியதில் முதல் மூன்று படமும் ஆடிவிட்டன. கல்லாற்றுப் பாலத்தில் பஸ் மெதுவாகப் போனபோதுதான் நாலாவது தெளிவாக விழுந்தது.