வட்டம் போட்ட மூன்று

நுவரெலியா காய்கறிச் சந்தையில் செல்லசாமியைத் திட்டாதவர் இல்லை. தரகுக் கடைக் கரும்பலகையில் அன்றாட விலை எழுதுவது அவன் வேலை. விலை இறங்கினால் தோட்டக்காரர்கள் திட்டுவார்கள். ஏறினால் லொறிக்காரர்கள் திட்டுவார்கள். "உள்ளதத்தானே எழுதுறேன்" என்பான். பொய் சொல்ல வராதவனுக்குச் சந்தையில் என்ன பிழைப்பு என்று பக்கத்துக் கடைக்காரனான எனக்கு எரிச்சலாக வரும்.

நாகலெட்சுமி அங்கே லீக்ஸ் தாள் கழுவிக் கட்டுகிறவள். அவள் புருஷன் சோலைமலை லொறியில் மூட்டை ஏற்றியவன். சில வருஷங்களுக்கு முந்திய பெருமழையில் கண்டி ரோட்டில் மண் சரிந்து, லொறியோடு புதைந்தான் என்று சேதி வந்தது. உடல் கிடைக்கவில்லை. அந்த வாரமே ஒரு ராத்திரி அவன் ஆவி வந்து கதவைத் தட்டியதாம். "லெச்சுமி, குளிருது, தெற" என்றதாம். ஆவி கூப்பிட்டால் பதில் பேசக்கூடாதென்று லயத்து வரிசை வீடுகள் அத்தனையும் கதவை அடைத்துக்கொண்டன. இவள் விளக்குமாற்றைக் கதவில் சாத்திவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு கிடந்தாளாம்.

ஒரு நாள் அவள் ஒரு புகைப்படத்தோடு வந்தாள். ஸ்டூடியோக்காரர் பழைய படங்களைக் கழித்தபோது கேட்டு வாங்கியதாம். அதில் நம் விலைப்பலகை. அதன் கீழே மூட்டைமேல் சோலைமலை உட்கார்ந்திருந்தான்.

"போர்டப் பாத்துச் சொல்லுங்கண்ணே. இது மழைக்கு முன்னால எடுத்ததுதானே? அப்படின்னாத்தான் வந்தது ஆவி."

செல்லசாமி தன் கையெழுத்தைத் தானே படித்தான். 'கோ' என்றால் கோவா, முட்டைக்கோஸ். அதற்கு நேரே மூன்று. எண்ணைச் சுற்றி வட்டம் போட்டிருந்தால் முழு அந்தருக்கு, அதாவது நூற்றுப்பன்னிரண்டு இறாத்தலுக்கு, விலை. எண்ணுக்குக் கீழே சாய்கோடு இழுத்திருந்தால் கால் அந்தர் விலை. படத்தில் எவனோ ஒருவனின் தலைப்பாகை எண்ணின் கீழ்ப்பாதியை மறைத்திருந்தது.

"கால் அந்தர் மூணு ரூவாதான் எப்பவும் உள்ள வெல. மழைக்கு முன்னாலதான் இருக்கணும்."

அவள் முகம் தெளிந்தது. அதோடு அந்தப் பாவி விட்டிருக்கலாம். படத்தை வெயிலில் பிடித்துப் பார்த்தான். மூன்றின் தலைமேல் சோக்கட்டிக் கோடு வளைந்து போயிருந்தது.

"வட்டம் போட்டிருக்கேன். அந்தரே மூணு ரூவா. ரோடும் ரயிலும் அடைபட்டு, கோவா வாங்க ஆளில்லாம கெடந்தப்பதான் இந்த வெல. கீழ பாருங்க, 'வெ'க்கு நேர வெறுங்கோடு. யாழ்ப்பாணத்து வெங்காயம் வரல."

போதும் நிறுத்து என்று நான் அவனுக்குக் கண்ணைக் காட்டினேன். எருமைமேல் பெய்த மழை.

"மண்ணு சரிஞ்ச பெறகுதான் எடுத்திருக்காங்க. போர்ட எழுதிட்டு நாங்க கடையச் சாத்திட்டுப் போன நேரமா இருக்கும். ஆளு உசுரோடதான் இருந்திருக்காரும்மா!" நல்ல சேதி சொல்கிற சந்தோஷம் அவனுக்கு.

நாகலெட்சுமி படத்தை வாங்கி முந்தானையால் துடைத்தாள். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"குளிருதுன்னுதானே சொன்னாரு" என்றாள்.