ஒன்பது ஜோடி செருப்பு

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஒரு தீபாவளி சீசனில், நான் விருதுநகரில் நிருபராக இருந்தேன். சிவகாசிப் பட்டாசுக் கம்பெனி போர்மேன் ஒருவர் என்னிடம் பேச ஒப்புக்கொண்டார். பேச்சு என்பது பெரிய வார்த்தை. தொண்ணூறு நிமிடக் கேசட் இரண்டில் அவர் சொன்ன 'ம்' நாற்பத்தொன்று. 'இத எழுதாதீக' பதினேழு.

விஷயம் ஒன்றுதான். நாலு பேர் மட்டுமே உட்கார வேண்டிய வெடிமருந்து அறையில் ஒன்பது பேரை உட்கார வைத்தார்கள். அவருடைய பயமும் ஒன்றுதான்.

"நான் சொன்னேன்னு தெரிஞ்சா எந்தக் கம்பெனி வேனும் என்னைய வேலைக்கு ஏத்தாது அண்ணாச்சி."

மூன்று மணி நேரத்தை இருபது வரியாக்கச் சொன்னது மதுரை அலுவலகம். நிறுத்தி நிறுத்திக் கேட்டேன். ரெக்கார்டரில் ஓடும் எண்ணைக் குறித்து, நோட்டில் மூன்று கட்டம் போட்டேன்: அவர் கண்ணால் பார்த்தது, பிறர் சொல்லக் கேட்டது, எழுதக் கூடாதது. இரண்டாவது கட்டத்தில் இருந்ததையும் எழுதாமல் விட்டேன். ஒன்பது என்ற எண்ணை மட்டும் அந்த அறையில் வேலை செய்த இருவரிடம் தனித்தனியாக உறுதி செய்துகொண்டேன். கடைசிக் கேசட்டின் பின்பாதி முழுக்க அவருடைய முழங்கால் வலி என்று நினைத்து, கேட்காமலே ஃபேக்ஸ் அனுப்பினேன். முதல் வரி, அவர் கண்ணால் பார்த்த கட்டத்திலிருந்து: 'நால்வருக்கான அறையின் வாசலில் ஒன்பது ஜோடி செருப்புகள்.' ஆள் பெயர் இல்லை. என் சாமர்த்தியத்துக்கு நானே தலையாட்டிக்கொண்டேன்.

ஆனால் நான் எண்ணிவந்த 'ம்' கணக்கு பாதியில் நிற்கிறதே. அதை முடிக்கத்தான் மிச்சத்தை ஓடவிட்டேன். முழங்கால் வலிக்கு நடுவே, எண் 412-இல் அவர் குரல்:

"பூட்டுறதுக்கு முன்னாடி உள்ள ஆள் இருக்கான்னு செருப்ப எண்ணிப் பாக்குறவன் நான் ஒருத்தன்தான். வேற எவனும் அங்கன வரமாட்டான்."

அறைக்குள் ஒன்பது பேர் இருப்பது ஒன்பது பேருக்கும் தெரியும். வாசலில் ஒன்பது ஜோடி கிடப்பதை எண்ணுகிறவர் ஒருவர். பெயரை மறைத்துவிட்டு, ஆளை முதல் வரியில் நிறுத்தியிருந்தேன்.

மதுரைக்குப் போன் போட்டேன்.

"சார், செருப்புக்காகத்தான் முதல் பக்கத்துல வச்சிருக்கோம். எடுத்தா ஏழாம் பக்கம்தான்," என்றார் உதவி ஆசிரியர்.

"ஏழுலேயே போடுங்க. 'ஒன்பது பேர் வேலை செய்கிறார்கள்' போதும்."

உள்ளாடை விளம்பரத்துக்குக் கீழே, இருபது வரி பதினொன்றாகி வந்தது. பத்திரிகை தர்மத்துக்கு அவர்கள் ஒதுக்கும் இடம் எப்போதும் அதுதான்.

நான்காம் நாள் போர்மேன் போன் செய்தார்.

"அண்ணாச்சி, மொதலாளி கொதிக்காரு. எவன் சொன்னான்னு ஒம்பது பேரையும் விசாரிக்கச் சொல்லிட்டாரு."

"உங்களையுமா?"

"என்னைய எதுக்கு? விசாரிக்கிறதே நான்தானே."

"என்ன கண்டுபிடிச்சீங்க?"

"ம்," என்றார்.

நாற்பத்திரண்டு.