கோட்டையில் நடந்ததற்கு என்ன பெயர்

சாமுண்டீஸ்வரியைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன், வேறு யாரும் எழுதப்போவதில்லை.

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு தனியார் கல்லூரி. அதில் அவர் வரலாறு, நான் தமிழ். இரண்டு பேருமே ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கப்படும் தற்காலிக விரிவுரையாளர்கள். ஆசிரியர் அறையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. அவர் கோவளத்தில் மீன் விற்கும் எல்லம்மாவின் மகள். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர். நாற்பத்திரண்டு வயதில், செம்பாக்கம் ஏரிக்குப் பின்னால் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்துகொண்டு, முனைவர் பட்ட ஆய்வை ஈரத்துணி மாதிரித் தோளில் போட்டுக்கொண்டு அலைந்தவர்.

ஆய்வு, 1806 ஜூலையில் வேலூர்க் கோட்டையில் நடந்ததைப் பற்றி. தாடியை எடு, நெற்றிக் குறியை அழி, புதுத் தலைப்பாகையைப் போடு என்ற உத்தரவுகளில் பொருமிக் கிடந்த சிப்பாய்கள் விடிவதற்கு முன்பு எழுந்து வெள்ளைக்காரப் படையைத் தாக்கினார்கள். கோட்டையில் மைசூர் சுல்தானின் கொடியை ஏற்றினார்கள். ஆர்க்காட்டிலிருந்து குதிரைப்படை வந்து அன்றைக்கே அடக்கிவிட்டது. இவ்வளவுதான் நடந்தது. ஆனால் இதற்கு என்ன பெயர் என்று கேட்டுப் பாருங்கள், மூன்று பேர் மூன்று சொல்வார்கள். கம்பெனிக்காரனுக்குக் கலகம். பாடப்புத்தகத்துக்குப் புரட்சி. மேடையில் பேசுகிறவருக்கு முதல் சுதந்திரப் போர்.

"எட்டு வருசமா எழுதிக்கினே கீறியே, இன்னாடி அது, ஒரே நாள்ல முடிஞ்ச சண்டன்னு நீதான சொன்ன?" என்று எல்லம்மா ஒருமுறை கேட்டாராம். சாமுண்டீஸ்வரி சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார். அது அவர் சிரித்த காலம்.

அந்த ஆண்டு மார்ச் முப்பத்தொன்றோடு அவருடைய பதிவுக்காலம் முடிகிறது. வழக்கமான நீட்டிப்பெல்லாம் வாங்கியாயிற்று, இனிமேல் பல்கலைக்கழகம் தனியாகப் பரிந்துரைத்தால்தான் உண்டு. ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டுமென்றால் அதற்கு முன் நடுவர் பார்க்கும் ஆய்விதழ் ஒன்றில் ஒரு கட்டுரையாவது ஏற்கப்பட்டிருக்க வேண்டும். பட்டம் வந்தால் கல்லூரியில் நிரந்தர இடம் ஒன்று காலி. வராவிட்டால் எட்டு வருடமும் ஏரியில் கரைத்த பெருங்காயம்.

அவர் அனுப்பிய கட்டுரை பிப்ரவரியில் திரும்பி வந்தது. இரண்டு நடுவர்கள். ஒருவர் எழுதியிருந்தார்: "தாய்நாட்டு வீரர்களின் தியாகத்தைக் கட்டுரையாளர் தன் சொந்த வாக்கியத்திலேயே 'கலகம்' என்கிறார். ஆங்கிலேயன் கண்ணால் பார்க்கிறாரா?" இன்னொருவர்: "முடிவுரையில் திடீரென்று 'சுதந்திரப் போர்' வருகிறது. அதற்குச் சான்று எங்கே? ஒரே நிகழ்வுக்கு மூன்று பெயர். மூன்றும் மூன்று வாதம். கட்டுரையாளர் எதைச் சொல்ல வருகிறார்?" திருத்தி அனுப்பப் பத்து நாள் அவகாசம்.

எனக்குக் கோபம் வந்தது. "பெயர்ல என்ன மேடம் இருக்கு? ஏதாவது ஒண்ணைப் போட்டு அனுப்புங்க" என்றேன். தமிழ் வாத்தியார் பேசுகிற பேச்சா அது!

அவர் பொறுமையாகச் சொன்னார். "ஒவ்வொரு பேரும் ஒண்ணை மறைக்குது சார். கலகம்னு சொன்னா, கோட்டை திரும்பக் கைக்கு வந்தப்புறம் சிப்பாய்ங்களைச் சுவரோரமா நிக்க வெச்சுச் சுட்டது வெறும் தண்டனை ஆயிடுது. சுதந்திரப் போர்னு சொன்னா, ஆஸ்பத்திரியில படுத்துக்கிடந்த நோயாளிங்களைக் கொன்னது காணாமப் போயிடுது. அதோட, 'சுதந்திரம்'ங்கறது அவங்க மனசுல இருந்துச்சா, நாம பின்னாடி வெச்சதா? அதை நான் நிரூபிக்கணும்."

"அப்ப எதைத்தான் போடுவீங்க?"

"என் வாக்கியத்துல 'எழுச்சி'. அதுவும் சுத்தமான சொல் இல்ல. ஏன் அதைத் தேர்ந்தெடுத்தேன்னு முதல் பக்கத்துலயே சொல்லிடுவேன். மத்த பேரையெல்லாம் யார் சொன்னாங்க, எப்போ, எதுக்காகன்னு அவங்க தலையிலேயே கட்டிடுவேன். மேற்கோள்ல மட்டும் ஒரு எழுத்தைத் தொடக் கூடாது. அவன் கலகம்னு எழுதியிருந்தா கலகம்தான்."

சொன்னபடி செய்ய அவருக்கு நேரம் கிடைத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. செய்முறைத் தேர்வு, மதிப்பெண் பட்டியல், நான்கு நாள் மாமியாருக்குக் காய்ச்சல். பத்தாம் நாள் மதியம் தேர்வறைக் கண்காணிப்பிலிருந்து வந்தவர் கண்ணில் உயிரே இல்லை. ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். சான்றுகளையெல்லாம் சேர்த்திருந்தார், அடிக்குறிப்புகளைச் சரி செய்திருந்தார். பெயரைத்தான் தொடவில்லை. முதல் பக்க விளக்கமும் எழுதவில்லை.

நெறியாளர் பேராசிரியர் மோகன்ராஜைக் கைபேசியில் பிடித்தார். அவர் சொன்னது எனக்கும் கேட்டது: "ஆசிரியர் குழு முதல் நடுவர் பக்கம்தான் இருக்கு, அவங்க விரும்பற பேரையே போட்டுட்டுப் போம்மா. இதுக்கு மேல என்னால உனக்காகப் போய் நிக்க முடியாது."

சாமுண்டீஸ்வரி கைபேசியை வைத்தார். "சரி, சுதந்திரப் போர்னே இருக்கட்டும். ஆனா என் வாக்கியத்துல மட்டும் மாத்திக் குடுங்க சார். மேற்கோள்ல கை வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கண்காணிப்புக்கு ஓடினார். தான் நம்பாத ஒரு பெயருக்கு அவர் தலையாட்டியது அதுதான் முதல் தடவை. அதற்கே முகம் செத்துப்போயிருந்தது.

நான் கணினி முன் உட்கார்ந்தேன். முப்பத்திரண்டு பக்கம். ஒவ்வொன்றாகத் தேடினேன். ஐந்தாவது பக்கத்திலேயே மணி நான்கு இருபது. இதில் எது மேற்கோள், எது அவர் சொந்த வாக்கியம் என்று நின்று நின்று பார்க்க எனக்குப் பொறுமை இல்லை. 'அனைத்தையும் மாற்று' என்று ஒரு பொத்தான் இருக்கிறதே, அதை அழுத்தினேன். 'கலகம்' போனது. 'கலகத்தை' மாறவில்லை என்று தெரிந்ததும் அதையும் தேடி மாற்றினேன். கலகத்தால், கலகத்தின், கலகத்துக்கு. வேற்றுமை உருபு ஒன்றையும் விடவில்லை. இருபது வருடமாக இலக்கணம் நடத்திய பலன்.

"எல்லாம் பாத்தாச்சா சார்?" என்று கண்காணிப்பு முடிந்து வந்தவர் கேட்டார்.

"பாத்தாச்சு மேடம். உங்க போனுக்கு அனுப்பியாச்சு."

வீட்டுக்குப் போகிற பேருந்தில், நின்றுகொண்டே, கைபேசியிலிருந்து அனுப்பினார். மணி நான்கு ஐம்பத்தைந்து.

மூன்று வாரம் கழித்து ஆய்விதழிலிருந்து கடிதம் வந்தது, அவருக்கு அல்ல, பல்கலைக்கழகத்துக்கு. இரண்டாம் நடுவர் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் அந்த அறிக்கைகளைத் தானே படித்தவராம். "1806இல் கம்பெனி அதிகாரி தன் மேலிடத்துக்கு எழுதிய அறிக்கையில், தன் படையைக் கொன்றவர்கள் செய்ததைச் 'சுதந்திரப் போர்' என்று குறிப்பிட்டதாகக் கட்டுரை சொல்கிறது. மொழிபெயர்ப்பு என்று ஏற்க இயலாது. பத்தொன்பது மேற்கோள்களில் இதே நிலை. முந்தைய வடிவத்தில் இவை சரியாக இருந்தன. எனவே தெரிந்தே மாற்றப்பட்டுள்ளன."

நானே அவரிடம் போய் ஒப்புக்கொண்டேன். சாமுண்டீஸ்வரி என்னைத் திட்டவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து அந்தக் கடிதத்தை மறுபடி மறுபடி படித்தார். "முந்தைய வடிவத்துல சரியா இருந்துச்சுன்னு அவரே எழுதியிருக்காரு பாருங்க" என்றார். ஒருவர் மூழ்கும்போது எதைப் பிடிப்பார் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

ஒரே வாரத்தில் கட்டுரையைத் திரும்ப எழுதினார். முதல் பக்கத்தில் விளக்கம், சொந்த வாக்கியத்தில் எழுச்சி, மேற்கோளில் கலகம், முடிவுரையில் ஆஸ்பத்திரியும் சுவரும் இரண்டும். படித்தேன். நான் படித்த நல்ல கட்டுரைகளில் ஒன்று அது. ஆய்விதழ் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. விசாரணை முடியட்டும் என்றார்கள்.

விசாரணை மார்ச் இருபத்தெட்டு. மூன்று பேர் குழு. நானும் போயிருந்தேன். கூப்பிட்டார்கள். "மாத்தினது நான்தான் சார். அவங்க வேணாம்னு சொல்லியும் மாத்தினேன்" என்றேன். இரண்டு வாரமாக மனப்பாடம் செய்த வாக்கியம். குழுத் தலைவர் என்னை அலுப்போடு பார்த்தார்.

"கட்டுரையில யார் பேர் இருக்கு?"

நான் வாயைத் திறப்பதற்குள் சாமுண்டீஸ்வரி சொன்னார். "என் பேர்தான் சார். அனுப்பறதுக்கு முன்னாடி நான் பாத்திருக்கணும். பாக்கல. அது என் தப்பு."

அதில் அவர் வாதாடவே இல்லை. அவர் வாதாடியது வேறு ஒன்றுக்கு. தட்டச்சு செய்து வைத்திருந்த முடிவுத்தாளில், 'மூல ஆவணங்களைத் திரித்தது நிரூபணமாகிறது. பதிவை நீட்டிக்கப் பரிந்துரை இல்லை' என்று இருந்தது.

"சார், பதிவு போகட்டும். 'திரித்தது' வேணாம் சார். அப்படின்னா வேணும்னே செஞ்சதுன்னு ஆயிடும். கவனக்குறைவுன்னு போடுங்க. பிழைன்னு போடுங்க. இந்தச் சொல்லோட நான் எங்கேயும் வேலைக்குப் போக முடியாது சார்." கெஞ்சினார். வகுப்பில் அறுபது பேரை ஒரு பார்வையில் அடக்கும் பெண் கை கூப்பிக்கொண்டு நின்றார்.

"விதிமுறையில இருக்கிற சொல் இதுதாம்மா. ரெண்டும் ஒண்ணுதான், கையெழுத்துப் போடுங்க."

அவர் பேனாவை எடுத்தார். கையெழுத்துக்கு மேலே, பொறுமையாக, ஒரு வரி எழுதினார்: 'திரித்தது என்பது குழு வைத்த பெயர். நான் அதைப் பிழை என்கிறேன்.'

தலைவர் அதைப் படித்தார். கோபப்படவில்லை. உதவியாளரைக் கூப்பிட்டு, "இதுல கிறுக்கிட்டாங்க, வேற ஒண்ணு எடுத்துட்டு வாங்க" என்றார். பிறகு சாமுண்டீஸ்வரியிடம், "கையெழுத்து இல்லாம கோப்பை மூட முடியாது. மூடலைன்னா உங்க காலேஜுக்கு என்ன எழுதறதுன்னு நான் யோசிக்க வேண்டியிருக்கும்" என்றார். ஜூன் மாதம் அவருடைய தற்காலிக வேலையும் புதுப்பிக்கப்பட வேண்டும். அது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

புதுத்தாள் வந்தது. அச்சுப்பொறியின் சூடு இன்னும் ஆறவில்லை. சாமுண்டீஸ்வரி அதில் வேறு எதுவும் எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்டார்.

இப்போது அவர் மேடவாக்கத்தில் ஒரு டியூஷன் மையத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சமூக அறிவியல் எடுக்கிறார். ஜூனில் கல்லூரி அவரைப் புதுப்பிக்கவில்லை. என்னைப் புதுப்பித்தது. நாளைக்கு யாராவது பல்கலைக்கழகத்தில் அந்தக் கோப்பைத் திறந்தால் நடந்ததற்கு ஒரே ஒரு பெயர்தான் இருக்கும், அதற்குக் கீழே அவர் கையெழுத்து இருக்கும். அதில் என் பெயர் எங்கேயும் இல்லை.