'லாம்' வைத்த வேட்டு

வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் அந்த ஏஜென்சியில் அவருக்கு விளக்கம் சார் என்று பெயர். கம்பெனி அனுப்பும் ஸ்பான்சர் கடிதத்தைத் தமிழில் சொல்லி, கடைசிப் பக்கத்தில் "விளக்கினேன், இவர் புரிந்துகொண்டார்" என்று முத்திரை குத்துவது வேலை. பதினெட்டு வருடமாகக் குத்துகிறார். அவர் ஒரு தடவைகூட விமானம் ஏறியதில்லை. யாராவது கேட்டால் விமான நிலைய வாசல்வரை போயிருப்பதாகச் சொல்வார். அதுவும் மச்சானை வழியனுப்பத்தான்.

ஒரு நாள் ஏசி மெக்கானிக் ஒருவனின் கடிதத்தைப் பன்னிரண்டு நிமிடத்தில் முடித்தார். கடிதம் கொடுத்த கம்பெனியில் மட்டும்தான் வேலை. லீவு நாளில் பக்கத்துக் கடை ஏசியைக் கழற்றிப் பார்த்தாலும் விசாவுக்கு ஆபத்து. முதல் ஆறு மாதம் சோதனைக் காலம். வேலை போனால் விசாவும் போகும். கடிதத்தில் போட்டிருக்கும் முப்பது நாளுக்குள் வேறு ஸ்பான்சர் கிடைக்காவிட்டால் ஊர் திரும்ப வேண்டும். எல்லாம் சரியாகத்தான் சொன்னார். பதினொன்றாம் நிபந்தனைக்கு வரும்போது வயிறு சாப்பாட்டு நேரம் என்றது. "குடும்பத்தையும் கூட்டிக்கலாம்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு முத்திரையை எடுத்தார்.

எட்டு நாள் கழித்து மெக்கானிக் மனைவியோடு வந்தான். அவள் தையல்காரி. கையில் மகளின் டி.சி. இருந்தது. அங்கே பள்ளியில் சேர்க்க அதில் இன்னும் ஏதாவது முத்திரை வேண்டுமா என்று கேட்டாள். வாடகை வீட்டைக் காலி செய்வதாக வீட்டுக்காரம்மாவிடம் சொல்லியாயிற்றாம், ஞாயிற்றுக்கிழமை வேறு குடித்தனம் வருகிறதாம்.

விளக்கம் சார் தோரணையாகக் கோப்பைத் திறந்தார். பதினொன்றாம் நிபந்தனையைப் படித்தார். தோரணை காற்றுப் போன பலூனாயிற்று. மழுப்பிப் பார்க்கலாம் என்று நினைத்து, சட்டத்தின் மொழி நுட்பமானது என்று ஆரம்பித்தார்.

"சார், கூட்டிக்கலாம்னு யாருக்குச் சொல்லியிருக்கு?" என்றாள் தையல்காரி. "எங்களுக்கா, கம்பெனிக்கா?"

இத்தனை வருடத்தில் அவரை யாரும் கேட்காத கேள்வி. அவரே தன்னைக் கேட்டுக்கொள்ளாத கேள்வியும்கூட. ஆறு மாதம் முடிந்து, சம்பளம் அந்த நாட்டு அரசு வைத்திருக்கும் அளவைத் தொட்டால், குடும்ப விசாவுக்குக் கம்பெனி ஒப்புதல் கொடுக்கலாம் என்றிருந்தது. கொடுக்காமலும் இருக்கலாம். கம்ப்யூட்டரில் அந்த அளவைத் தேடிப் பார்த்தார். மெக்கானிக்கின் சம்பளம் அதற்குக் கீழேதான் இருந்தது.

"தப்பு என்னோடதுதாம்மா," என்றார். "இப்போதைக்கு உங்க வீட்டுக்காரர் மட்டும்தான் போக முடியும். நான் அரைகுறையாச் சொல்லிட்டேன்."

மெக்கானிக் மகளின் டி.சி.யையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்படியானால் போகவே வேண்டாமா என்று மெதுவாகக் கேட்டான். மனைவிதான் பதில் சொன்னாள். போகட்டும், தானும் மகளும் இருந்துகொள்வோம், ஆனால் இருக்க வீடு வேண்டும், பழைய பள்ளியில் டி.சி.யைத் திருப்பிக் கொடுக்கவும் வேண்டும். பிறகு விளக்கம் சாரைப் பார்த்து, "வீட்டுக்காரம்மாவுக்கு நீங்களே வந்து விளக்குங்க சார்" என்றாள்.

போனார். வேறு வழியில்லை. தையல்காரியும் கூடவே வந்தாள். வீட்டுக்காரம்மா மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். ஈரப் போர்வைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு தன் மடத்தனத்தை நான்கே நிமிடத்தில் விளக்கினார். அவர் வாழ்நாளிலேயே தெளிவான விளக்கம் அதுதான். வரவிருந்தவர்கள் இன்னும் அட்வான்ஸ் கொடுக்கவில்லை என்று வீட்டுக்காரம்மா யோசித்தாள். "சரி, இவங்களே இருக்கலாம்."

அந்த 'லாம்' காதில் விழுந்ததும் விளக்கம் சார் போர்வையை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"இருக்கலாமா, இருக்கட்டுமாம்மா? ஒரு வரி எழுதிக் கொடுத்துடுங்க."

"ஏன் சார், உங்களுக்குத் தமிழ் புரியாதா?"

"புரியும்னு நெனச்சுத்தாம்மா பதினெட்டு வருஷமா முத்திரை குத்திட்டிருந்தேன்."

அவள் சிரித்துக்கொண்டே காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தாள். தையல்காரி அதை இரண்டு தடவை படித்து மடித்து, டி.சி.யோடு சேர்த்து வைத்தாள்.

மறுநாளிலிருந்து அவர் விளக்கி முடித்ததும், எதிரில் இருப்பவர் ஒவ்வொரு நிபந்தனையையும் திருப்பிச் சொல்ல வேண்டும், அதன்பிறகுதான் முத்திரை. ஒரு கடிதத்துக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. ஏஜென்சிக்காரர் திட்டுகிறார். விளக்கம் சார் பழைய கோப்புகளையும் எடுத்து, பதினொன்றாம் நிபந்தனை இருக்கும் கடிதங்களைத் தனியாக அடுக்குகிறார். ஒவ்வொன்றின் கடைசிப் பக்கத்திலும் அவர் முத்திரை இருக்கிறது. தினம் இரண்டு பேருக்குப் போன் போடுகிறார். நேற்று போனை எடுத்தவன் ஏழு வருடத்துக்கு முன்னால் போனவன். சொல்ல வந்ததைச் சொல்ல விடாமல், "சார், இப்பவாச்சும் கூட்டிக்கலாமா?" என்று கேட்டான்.