தொண்ணூற்று நான்கு நாளும் ஒரு நாளும்

கோவையில் ஓர் அறக்கட்டளை மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில் எனக்கு முதல் வேலை கிடைத்தது தொண்ணூறுகளின் நடுவில். புள்ளியியல் படித்தவள் என்ற திமிர் அப்போது எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. கணபதியிலிருந்து டவுன் பஸ்ஸில் நசுங்கி வந்து, எட்டரைக்கு நாற்காலியில் உட்காரும்போது மேசையில் ஒன்பது வார்டுகளின் தாள்கள் காத்திருக்கும். நேற்று இருந்தவர், புதிதாகச் சேர்ந்தவர், வேறு வார்டிலிருந்து வந்தவர், வேறு வார்டுக்குப் போனவர், வீட்டுக்குப் போனவர், இறந்தவர், நள்ளிரவு பன்னிரண்டுக்குக் கட்டிலில் மீந்தவர். ஒரு வார்டு அனுப்பியதாக எழுதியதை இன்னொரு வார்டு வாங்கியதாக எழுதியிருக்க வேண்டும். ஒரு தலை கூடினாலும் குறைந்தாலும் போன் போட்டுச் சண்டை பிடிப்பேன். பத்து மணிக்குள் எல்லாவற்றையும் ஒரே தாளில் தட்டச்சு செய்து நிர்வாக அதிகாரி மேசையில் வைத்தாக வேண்டும்.

அவர் ஒரு நூற்பாலையில் மேலாளராக இருந்து ஓய்வுபெற்று வந்தவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். மில்லில் நூல் சுற்றும் கதிர் சும்மா நிற்கக் கூடாது, இங்கே கட்டில் அடைபட்டு நிற்கக் கூடாது, அவ்வளவுதான் அவருக்கு. தாளில் இரண்டே எண்களைத்தான் முதலில் பார்ப்பார். கட்டில்கள் எத்தனை சதவீதம் நிறைந்திருக்கின்றன, நேற்று வெளியேறியவர்கள் சராசரியாக எத்தனை நாள் தங்கினார்கள். ஆண்கள் அறுவை வார்டில் முப்பது கட்டில், முப்பத்து மூன்று பேர். நூற்றுப் பத்து சதவீதம் என்று நான் அடிப்பேன். அந்தப் பத்து சதவீதம் தரையில் பாய் விரித்துப் படுத்திருக்கும்.

வேலைக்குச் சேர்ந்த ஆறாம் மாதம் எனக்கு ஒரு யோசனை வந்தது. தங்கிய நாள் சராசரியில் வெளியேறியவர்கள் மட்டுமே வருவார்கள். இன்னும் படுத்திருப்பவர் நூறு நாள் இருந்தாலும் அந்த எண்ணில் தெரியமாட்டார். அதனால் முப்பது நாளுக்கு மேல் இருப்பவர்களை வார்டுப் பதிவேட்டிலிருந்து எடுத்து, வாரம் ஒருமுறை தனிப் பட்டியலாகத் தாளோடு இணைத்தேன். யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் செய்தேன். அதிகாரி என்னைக் கூப்பிட்டு, "இத்தனை வருசமா யாருக்கும் தோணலீங்களே, நல்ல வேலை செஞ்சிருக்கீங்க" என்றார். அன்று முழுக்கத் தரையில் கால் படாமல் நடந்தேன்.

பட்டியலின் முதல் வரியில் இருந்தவர் காங்கேயம் பக்கத்து எண்ணெய் மில்லில் கொப்பரை மூட்டை தூக்கியவர். லாரி மேலிருந்து விழுந்து முதுகெலும்பு போய்விட்டது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. எண்பத்தைந்து நாளாக அறுவை வார்டில் இருந்தார். முதுகில் படுக்கைப் புண். ஊரில் அதற்குக் கட்டுப்போட ஆள் கிடையாது, பக்கத்து ஆஸ்பத்திரிக்கே இரண்டு பஸ் மாற வேண்டும். அவர் மனைவி வார்டிலேயே இருந்து, நர்ஸ்களைப் பார்த்துப் பார்த்துக் கட்டுப்போடக் கற்றுக்கொண்டு வந்தார். அதிகாரி அந்த வரியைப் பச்சை மையால் வட்டமிட்டு, அடுத்த வாரமும் இந்தப் பெயர் இருந்தால் காரணம் வேண்டும் என்று டாக்டருக்கு எழுதினார்.

அடுத்த வாரம் பட்டியல் எடுத்தபோது அந்தப் பெயர் இல்லை. வீட்டுக்குப் போனவர்களிலும் இல்லை, இறந்தவர்களிலும் இல்லை. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தாள்களைப் புரட்டினால், முந்தின நாள் அறுவை வார்டிலிருந்து ஒருவர் எலும்பு வார்டுக்குப் போயிருந்தார். அங்கே இரண்டு கட்டில் காலியாக இருந்திருக்கிறது. புது வார்டில் அவருக்கு அது முதல் நாள். என் பட்டியல் வார்டில் இருந்த நாளைத்தானே எண்ணியது.

பன்னிரண்டு மணிக்கு அறுவை வார்டு சிஸ்டரே என் அறைக்கு வந்தார். ஐம்பதை நெருங்கியவர், யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை.

"ஏங்கண்ணு, அவரை எலும்பு வார்டுக்கு மாத்துனது நாந்தான். புண்ணு மூட இன்னும் மூணே வாரந்தான் வேணும். அவரு சம்சாரமும் கட்டுக் கட்டப் பழகிக்கும். பட்டியல்ல அவரைச் சேர்க்காம உட்டுரு."

"கணக்கு தப்பாப் போயிருமுங்க சிஸ்டர். ஆஸ்பத்திரிக்குள்ள வந்த நாள்ல இருந்துதான எண்ணோணும்."

"தப்பாத்தான் போவட்டுமே. யாருக்கு நட்டம்?"

யாருக்கும் நட்டமில்லை என்பது எனக்கும் தெரியும். சிஸ்டர் போனதும் சேர்க்கை எண்ணை வைத்து அவர் அட்டையைத் தேடி எடுத்து, தொண்ணூற்றிரண்டு நாள் என்று முதல் வரியில் தட்டினேன். என் முறையில் இருந்த ஓட்டையை நானே கண்டுபிடித்து அடைத்துவிட்டேன் என்று பெருமை வேறு. இதை எழுதும்போது, அன்றைக்கு நானாக இருந்த அந்தப் பெண்ணைப் பிடித்து நாலு அறை விடலாம் போலிருக்கிறது.

மறுநாள் டாக்டர், வீட்டிலேயே கட்டுப் போட்டுக்கொள்ளலாம் என்று எழுதிக் கையெழுத்திட்டார். அதற்கு மறுநாள் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வேனில் ஸ்ட்ரெச்சரை ஏற்றும்போது மனைவி ஒரு கையால் மூத்திரப் பையையும் மறுகையால் பஞ்சுப் பொட்டலத்தையும் பிடித்திருந்தார். அன்று மற்ற பதினோரு பேர் சேர்ந்து தங்கியது அறுபத்தாறு நாள், சராசரி ஆறு. இவருடைய தொண்ணூற்று நான்கும் சேர்ந்ததும் அது பதிமூன்றைத் தாண்டிவிட்டது. அதிகாரி போனில் "என்னங்க இது, இவ்வளவு ஏறிக் கெடக்குது?" என்றார். காரணத்தைச் சொன்னேன். "சரி, இனிமே எறங்கீரும்" என்றார்.

இறங்கியது. ஒன்பது நாள் கழித்து ஒரு காலையில் அந்தக் காங்கேயத்துக்காரரைக் காய்ச்சலோடு தூக்கி வந்தார்கள். புண் எலும்பு வரைக்கும் போய், விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டது. புதுச் சேர்க்கை, புது எண். மறுநாள் பதினோரு மணிக்கு இறந்துவிட்டார்.

இறப்புச் சான்றுக்கான படிவம் வாங்க அவர் மனைவி என் அறைக்கு வந்தார். பட்டியலைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. வயது, தகப்பன் பெயர், ஊர் எல்லாம் கேட்டு எழுதினேன். தகப்பன் பெயருக்கான இடத்தில் ஊரை எழுதி, ஒரு படிவத்தை வீணாக்கி இன்னொன்று எடுத்தேன். அவரே என்னை ஆற்றினார்.

"மெதுவா எழுதுங்கம்மணி. எனக்கென்ன அவசரம், இனி கட்டுப்போடற வேலையுமில்லை."

படிவத்தை வாங்கி மடியில் செருகிக்கொண்டு, நல்லாயிருங்கம்மணி என்று சொல்லிவிட்டுப் போனார். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. சொல்லவில்லை. பயந்தேன், அதுதான் நிஜம்.

மறுநாள் காலை வழக்கம்போலத் தாள் தயாரித்தேன். இறந்தவரையும் வெளியேறியவராகத்தான் கணக்கில் எடுக்க வேண்டும், அதுதான் விதி. வந்த நாளை எண்ணலாம், போன நாளை எண்ணக் கூடாது. ஆக அவர் தங்கியது ஒரு நாள். வீட்டுக்குப் போன எட்டுப் பேரின் சராசரி ஆறாக இருந்தது, அவர் சேர்ந்ததும் ஐந்தரைக்கும் கீழே வந்தது. அந்த மாதத்திலேயே அதுதான் மிகக் குறைவு.

மதியம் தாள் திரும்பி வந்தது. அந்த எண்ணுக்குப் பக்கத்தில் பச்சை மையால், 'நன்று. இப்படியே தொடரவும்' என்று அதிகாரி எழுதியிருந்தார். அதன் கீழே என் சுருக்கொப்பத்தை வைத்து, கோப்பில் சேர்த்தேன்.